பேரூராட்சி ரோட்டுக்கு ஒரு தகவல் மனு: எது கைக்கு வரும், எது வராது

கேள்வி: குமரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி வார்டில் இருக்கிறோம். போன வருஷம் போட்ட கான்கிரீட் ரோடு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காமல் பெயர்ந்துவிட்டது. "ரோடு ஏன் உடைந்தது, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. எப்படிக் கேட்டால் கிடைக்கும்? எதையெல்லாம் தரமாட்டார்கள்?

பதில்:

அந்த ஒரு வரிப் பதில் முக்கால்வாசி சரி, கால்வாசி தப்பு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவேட்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உள்ள உரிமை. அதிகாரியை உட்காரவைத்து விளக்கம் கேட்கிற உரிமை அதில் இல்லை. இருக்கிற தகவலைக் கொடுத்தால் போதும், புதிதாக ஒன்றைத் தயாரித்தோ கருத்துச் சொல்லியோ தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், விடைத்தாள் தொடர்பான சி.பி.எஸ்.இ. வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "ஏன் உடைந்தது" என்பதற்கு அலுவலகத்தில் தாள் கிடையாது. "யார் பொறுப்பு" என்பதும் ஒரு முடிவு, ஆவணம் அல்ல. ஆனால் மூன்றாவது கேள்வி வேறு. நீங்கள் முன்பே ஒரு புகார் மனு கொடுத்து ரசீது வாங்கியிருந்தால், அந்த மனு எந்த மேசைக்குப் போனது, அதில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். "என்ன நடவடிக்கை" என்று கேட்காமல், "இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள், அனுப்பப்பட்ட கடிதங்கள் ஆகியவற்றின் நகல்" என்று கேட்டிருந்தால் மறுக்க வழியே இல்லை. கோப்புக் குறிப்பும் சட்டப்படி பதிவேடுதான்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். ரோடு ஏன் உடைந்தது என்பதை அவர்கள் சொல்ல வேண்டாம். அவர்களுடைய தாள்களைத் தரையோடு ஒப்பிட்டு நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு எந்தத் தாள் எதைச் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் பேரூராட்சி, ஊராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை என்று ரோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரே தெருவின் பாதியைப் பேரூராட்சியும், மீதியைக் குழாய் பதித்த குடிநீர்த் திட்டத்தின் ஒப்பந்ததாரரும் போட்டிருப்பார்கள். தவறான அலுவலகத்துக்கு மனு போனால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. அனுப்புவார்கள், ஆனால் பத்திருபது நாள் வீணாகும். வேலை நடந்த இடத்தில் வைத்த பெயர்ப்பலகையை யாராவது போனில் படம் எடுத்திருந்தால் அதில் திட்டத்தின் பெயர், தொகை, வேலை எடுத்தவர் எல்லாம் இருக்கும். அந்தத் திட்டப் பெயரை அப்படியே மனுவில் எழுதுங்கள். "எந்தப் பணி என்று தெளிவில்லை" என்று தப்பிக்க முடியாது.

பேரூராட்சியில் பொதுத் தகவல் அலுவலர் பெரும்பாலும் செயல் அலுவலரே. மேல்முறையீட்டு அலுவலர் பெரும்பாலும் நாகர்கோவிலில் இருக்கும் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர். அலுவலகச் சுவரில் இந்தப் பெயர்ப்பலகை இருக்க வேண்டும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மனுவுக்குத் தனிப் படிவம் கிடையாது, வெள்ளைத்தாள் போதும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் என்று கோர்ட்டு இருக்கிற இடங்களில் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்ற சான்று இருந்தால் கட்டணமே இல்லை. இந்த வில்லை மாநில அரசு அலுவலகங்களுக்குத்தான் செல்லும். ரயில்வே, தபால் துறை போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்குத் தபால் ஆர்டர் அல்லது டி.டி. எடுக்க வேண்டும். இங்கே பலருடைய மனு திரும்பி வருவது இந்த ஒரு காரணத்தால்தான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

இனி, கேட்க வேண்டிய தாள்கள். மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

"இன்ன பேரூராட்சி, 7-ஆவது வார்டு, இன்ன தெருவில் இன்ன திட்டத்தின் கீழ் 2024–25-இல் போடப்பட்ட கான்கிரீட் சாலைப் பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்: மன்றத் தீர்மானம்; நிர்வாக அனுமதி ஆணை; விரிவான மதிப்பீடு, வரைபடத்துடன்; ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல்; ஒப்பந்தப் பத்திரம்; வேலை உத்தரவு; அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கான எல்லாப் பக்கங்கள்; தரப் பரிசோதனை அறிக்கைகள்; இறுதிப் பில்லும் காசோலை விவரமும்; வைப்புத்தொகை திருப்பித் தரப்பட்டிருந்தால் அதற்கான கோப்பு. மேற்படி கோப்பையும் பணி நடந்த இடத்தையும் நேரில் ஆய்வு செய்யவும் தேதி குறித்துத் தர வேண்டும்."

இவ்வளவே. ஒரு பணி, ஒரு மனு. வார்டில் உள்ள எல்லா ரோட்டையும், பத்து வருஷக் கணக்கையும் ஒரே மனுவில் போட்டால், அலுவலக வேலையைப் பாதிக்கும் என்று 7(9) பிரிவைக் காட்டி, "நேரில் வந்து பாருங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தை மாற்றத்தான் இடம் தருகிறது, தகவலையே மறுக்க அல்ல. ஆனாலும் நேரம் போகும்.

இந்தப் பட்டியலில் உயிர்நாடி அளவுப் புத்தகம், எல்லோரும் எம்-புக் என்று சொல்வது. வேலை நடந்தபின் பொறியாளர் அளந்து, நீளம், அகலம், கனம், அளவு என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது மதிப்பீட்டை வைத்து அல்ல, இந்தப் பக்கத்தை வைத்துத்தான். அதற்கு மேல் அதிகாரி சரிபார்த்துப் போட்ட கையெழுத்தும் இருக்கும். பக்க எண்கள் அச்சடித்த தொடர் எண்ணாக வரும். நடுவில் ஒரு பக்கம் விடுபட்டால் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. எம்-புக்கில் 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருக்கிறது. பெருக்கினால் 54 கன மீட்டர் கான்கிரீட். பில்லிலும் 54-க்குத்தான் பணம். நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கிறீர்கள். நீளம் 112 மீட்டர், அகலம் 2.85. மழைநீர் ஓரத்தை அரித்த இடத்தில் சிமெண்ட் தளத்தின் குறுக்குவெட்டு வெளியே தெரியும், அங்கே கனம் 11 சென்டிமீட்டர். பெருக்கினால் சுமார் 35 கன மீட்டர். 19 கன மீட்டருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், போடாத கான்கிரீட்டுக்குப் பில் போயிருக்கிறது. நீள அகலம் யாரும் மறுக்க முடியாத அளவு. கனத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஓரத்தில் அடைத்த பலகை சாய்ந்திருந்தால் கனம் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும். நாலைந்து இடத்தில் அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அடித்துச் சொல்ல வேண்டுமானால் நடுவில் துளைபோட்டு உருளை எடுக்க வேண்டும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: 2(ஜே) பிரிவில் தகவல் உரிமைக்குள் பணியை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுப்பதும் அடங்கும். உங்கள் இஷ்டத்துக்கு ரோட்டில் துளை போடக்கூடாது. மாதிரி வேண்டும் என்று மனுவில் எழுதிக் கேட்டு, அவர்கள் குறித்த தேதியில், அவர்கள் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகம் இதைக் கேட்டதும் திகைத்துப்போகும், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது பார்க்க வேண்டியது தேதிகள். கான்கிரீட்டின் வலிமையை 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28-ஆவது நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-20 கலவை என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்பது அந்த 28-ஆவது நாள் வலிமை. ஆகவே வேலை முடிந்த பன்னிரண்டாம் நாளே இறுதிப் பில் பாஸாகியிருந்தால், பில்லோடு 28 நாள் அறிக்கை இருந்திருக்க முடியாது. அறிக்கை இருந்தால் அதில் வார்த்த தேதி, சோதித்த தேதி, எந்த வேலைக்கான கட்டி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வேலைப் பெயரே இல்லாத அறிக்கை, அல்லது எல்லாக் கட்டிக்கும் ஒரே எண் வந்த அறிக்கை, எந்தக் கோப்பிலும் செருகலாம்.

பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டணம். 40 பக்கம் என்றால் 80 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வரும், கணக்கோடு. அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை உள்ள இடைவெளி, தகவல் தர அலுவலகத்துக்கு உள்ள 30 நாள் கெடுவில் சேராது. உடனே கட்டுங்கள். 30 நாளைத் தாண்டிவிட்டார்கள் என்றால் நகல் இலவசம், 7(6) பிரிவு. முப்பத்தைந்தாம் நாள் "200 ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் இதைச் சொல்லிக் கட்ட மறுக்கலாம். நேரில் ஆய்வுக்கு முதல் ஒரு மணிநேரம் கட்டணம் இல்லை. பார்க்கப் போனால் எம்-புக்கை முதலில் கேளுங்கள், பக்க எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் செலவும் குறையும், "எல்லாம் கொடுத்துவிட்டோம்" என்ற பேச்சும் நடக்காது.

இனி, கிடைக்காதவை.

முதலாவது, அலுவலகத்திடம் இல்லாதது. ஒப்பந்ததாரர் எத்தனை மூட்டை சிமெண்ட் வாங்கினார், எந்தக் கடையில் என்பது அவருடைய தனிக் கணக்கு. பேரூராட்சி அதை வாங்கிக் கோப்பில் வைத்திருந்தால்தான் நகல் கிடைக்கும். வேறு ஒரு சட்டத்தின் கீழ் அதை வாங்கிப் பார்க்கிற அதிகாரம் அலுவலகத்துக்கு இருந்தால் அதுவும் "தகவல்" ஆகும் என்று 2(எஃப்) சொல்கிறது. ஆனால் சிமெண்ட் பில்லுக்கு அப்படி ஒரு அதிகாரத்தைக் காட்டுவது கஷ்டம். இதே தர்க்கம்தான் கூட்டுறவு சங்கங்களுக்கும். கேரளத்தின் தலப்பலம் சங்க வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சாதாரணக் கூட்டுறவு சங்கம் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பு அல்ல, ஆனால் பதிவாளருக்கு எட்டக்கூடிய தகவலைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்றது.

இரண்டாவது, ஆட்களின் தனிப்பட்ட விவரம். இதில்தான் இப்போது பெரிய மாற்றம். 8(1)(ஜே) பிரிவு முன்பு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் அத்துமீறுகிற தனிப்பட்ட தகவலை மட்டும் மறுக்க இடம் தந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை உங்களுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் வெட்டி, "தனிப்பட்ட தகவல்" என்ற அளவில் நிறுத்திவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. என் கருத்தில் இது சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய திருத்தம், ஆனால் மனு போடுகிறவர் அதோடுதான் வாழ வேண்டும். ஆகவே பொறியாளரின் சொத்து விவரம், சர்வீஸ் புத்தகம், அவர்மேல் உள்ள ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு, ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண், பான் எண், வருமான வரி எதையும் கேட்காதீர்கள். அதிகாரியின் நடத்தை, சொத்து பற்றிய விவரங்களை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தனிப்பட்டதாகப் பார்த்துவிட்டது. இவற்றில் ஒன்றைச் சேர்த்தால், அதைச் சாக்காக வைத்து முழு மனுவையும் நிராகரிக்கப் பார்ப்பார்கள்.

ஆனால் எம்-புக்கில் பொறியாளரின் கையெழுத்து இருப்பதாலோ, ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரின் பெயர் இருப்பதாலோ அந்தத் தாள் தனிப்பட்டது ஆகிவிடாது. அப்படி மறுத்தால் இரண்டு பிடி இருக்கிறது. ஒன்று 10-ஆவது பிரிவு: மறைக்க வேண்டிய வரியை மட்டும் கறுப்பித்துவிட்டு மீதியைத் தர வேண்டும். மனுவிலேயே "கணக்கு எண், ஆதார் எண் போன்றவை இருந்தால் அவற்றை மறைத்துத் தரவும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பாதி மறுப்பு அங்கேயே செத்துவிடும். இன்னொன்று 8(2): பாதுகாக்க நினைக்கும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் 8(1)-இல் வருவதையும் தரலாம். திருத்தம் இதைத் தொடவில்லை. மேல்முறையீட்டில் பொதுப் பணம், உடைந்த ரோடு, பள்ளிக் குழந்தைகள் போகும் பாதை என்று பொதுநலனைத் தெளிவாக எழுத வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, வணிக ரகசியம், 8(1)(டி). டெண்டர் திறக்கும் முன் யார் எவ்வளவு போட்டார்கள் என்று கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வேலை கொடுத்து முடிந்தபின் ஒப்பீட்டுப் பட்டியலுக்கு இந்தச் சாக்கு எடுபடாது. ஒப்பந்ததாரரிடம் கேட்டுவிட்டுத் தருகிறோம் என்று 11-ஆவது பிரிவைச் சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் அவர் "வேண்டாம்" என்றால் அது முடிவல்ல, முடிவெடுப்பது தகவல் அலுவலர். இந்த வழியில் மொத்தக் கெடு 40 நாள் ஆகும். மதிப்பீடும் எம்-புக்கும் பேரூராட்சியே எழுதியவை, அவற்றுக்கு ஒப்பந்ததாரரைக் கேட்கவே தேவையில்லை.

நான்காவது, "விசாரணையில் உள்ளது". 8(1)(எச்) விசாரணைக்குத் தடையாக இருந்தால்தான் மறுக்க அனுமதிக்கிறது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, எப்படித் தடையாகும் என்று எழுத வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007-இல் சொன்னதை இன்றும் தகவல் ஆணையங்கள் பின்பற்றுகின்றன. லஞ்ச ஒழிப்புத் துறையில் இதே ரோடு பற்றி யாராவது புகார் கொடுத்திருந்தால், அந்தத் துறையின் கோப்பு வேறு கதை. தமிழ்நாடு அரசு 2008-இல் 24(4) பிரிவின் கீழ் அந்தத் துறைக்கு விலக்கு அளித்துவிட்டது. ஊழல் குற்றச்சாட்டுத் தொடர்பான தகவலுக்கு விலக்கு இல்லை என்று அதே பிரிவு சொன்னாலும், அங்கே போராடுவது வீண் அலைச்சல். அதே எம்-புக் பேரூராட்சியில் இருக்கிறது, அங்கே கேளுங்கள். போலீஸோ லஞ்ச ஒழிப்போ மூலத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால், எந்த மகஜரில், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்ற நகலைக் கேளுங்கள்.

கடைசியாக, "கோப்பு கிடைக்கவில்லை". இது சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு விலக்கு. 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம், முன்பு இருந்த ஆவணம் இப்போது இல்லை என்றால் தேடி, பொறுப்பு நிர்ணயித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றது. அழித்துவிட்டோம் என்றால் எந்த விதியின்படி, யார் உத்தரவில், எந்தத் தேதியில் என்ற அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். போன வருஷத்து எம்-புக் விதிப்படி அழிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பதில் வராவிட்டால் 30 நாள் முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் உதவி இயக்குநரிடம் முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னை நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மூல மனு, அனுப்பிய ரசீது, பதில், முதல் மேல்முறையீடு எல்லாவற்றின் நகலும் வைக்க வேண்டும். அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வரக்கூடாது, தபால் என்றால் ஒப்புகையுடன். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்துடையது, உங்களுடையது அல்ல. தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம் உண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்கு எடுக்க மாதக்கணக்கில் ஆகும், அதை நம்பி உட்கார வேண்டாம்.

காரணம், உங்கள் விஷயத்தில் கடிகாரம் வேறு இடத்தில் ஓடுகிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு பகுதி இருக்கும். அந்தக் காலத்துக்குள் ரோடு கெட்டால் ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை வைப்புத்தொகை பேரூராட்சியிடம் பிடித்தம். அந்தப் பணம் திரும்பப் போய்விட்டால், எம்-புக்கில் எவ்வளவு பிழை காட்டினாலும் ரோட்டைச் சரிசெய்யப் பிடி இருக்காது. அதனால் தகவல் மனு போடுகிற அன்றே, தனியாக ஒரு சாதாரண மனுவில், படங்களுடன், "ரோடு பொறுப்புக் காலத்துக்குள் கெட்டுவிட்டது, வைப்புத்தொகையைத் திருப்பித் தரவேண்டாம்" என்று செயல் அலுவலருக்கும் உதவி இயக்குநருக்கும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்பைக் கேட்பதுதான் உங்கள் அடுத்த தகவல் மனு.